ஆல்ஃபா குறைவாக வருகிறதா? அளவுகோலைத் தூக்கிப் போடும் முன் பார்க்க வேண்டியவை

போன மார்ச்சில் ஒரு ஞாயிறு இரவு, ஆய்வு மாணவி ஒருத்தியிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, ஆல்ஃபா 0.02 வருது. மறுபடியும் முதல்லேர்ந்து கேட்கணுமா?" ஆல்ஃபா என்பது ஒரு வினாத்தாளின் கூற்றுகள் எவ்வளவு ஒன்றாக அசைகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மை எண்; க்ரோன்பாக் ஆல்ஃபா என்பார்கள். 0.02 என்றால் ஒட்டவே இல்லை என்று அர்த்தம்.

பெங்களூரில் ஈஜிபுரா, விவேக்நகர், ஸ்ரீராமபுரம் பக்கம் வசிக்கும், அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் 120 பேரிடம் அவளும் இரண்டு தோழிகளும் நேரில் போய்க் கேட்டிருந்தார்கள். வேலை செய்யும் இடத்தில் எவ்வளவு மரியாதை கிடைப்பதாக அந்தப் பெண்கள் உணர்கிறார்கள் என்பதை அளக்க, தமிழிலேயே புதிதாக எழுதிய எட்டுக் கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' (1) முதல் 'எப்போதும்' (5) வரை ஐந்து பதில்கள். அந்தப் பெண்களுக்கு ஓய்வு கிடைப்பது ஞாயிறு மதியம் மட்டும்தான். அப்படி நான்கு மாத ஞாயிறுகள் சேர்த்த பதில்கள் இவை.

மறுபடியும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 0.02 படிப்படியாக 0.79 ஆனது, ஒரு வீட்டுக் கதவைக்கூடத் திரும்பத் தட்டவில்லை. எந்த வரிசையில் பார்த்தோம் என்பதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். கையால் கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக எண்களையும் கொஞ்சம் சீராக்கியிருக்கிறேன்.

முதலில், இந்த எண் எதைப் பார்க்கிறது

```
alpha = k/(k-1) * (1 - S/T)
```

k என்பது கூற்றுகளின் எண்ணிக்கை. S என்பது ஒவ்வொரு கூற்றின் பரவற்படியையும், அதாவது திட்டவிலக்கத்தின் வர்க்கத்தையும், கூட்டினால் வருவது. T என்பது ஒவ்வொருவரின் மொத்த மதிப்பெண்ணுக்கும் உள்ள பரவற்படி.

கூற்றுகள் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாமல் அசைந்தால் T-யும் S-உம் சமமாக இருக்கும், ஆல்ஃபா பூஜ்யம். ஒரு கூற்றில் மேலே இருப்பவர் மற்றவற்றிலும் மேலே இருந்தால், மொத்த மதிப்பெண்கள் விலகிப் பரவும். T பெருகும், ஆல்ஃபா ஏறும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நீங்கள் அளக்க நினைத்ததைத்தான் கேள்விகள் அளக்கின்றனவா என்பது அதற்குத் தெரியாது. எல்லாக் கூற்றும் ஒரே விஷயத்தைப் பற்றியவையா என்பதும் தெரியாது.

இந்தச் சூத்திரத்தை க்ரோன்பாக் 1951இல் எழுதிய கட்டுரை பிரபலமாக்கியது. ஆம்/இல்லை கேள்விகளுக்கான இதே கணக்கு 1937இலேயே கூடர்–ரிச்சர்ட்சன் சூத்திரமாக வந்துவிட்டது. இன்று ஆய்வுக் குழுக்களில் பாறை மாதிரி நிற்கும் 0.70 என்ற எல்லை நன்னல்லியின் பாடநூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதே நூலின் 1967 பதிப்பில், ஆரம்பக்கட்ட ஆய்வுக்கு 0.50, 0.60 போதும் என்று இருந்தது. 1978 பதிப்பில்தான் அது 0.70 ஆனது. உங்கள் வழிகாட்டி 0.68ஐப் பார்த்து முகம் சுளித்தால் இது நினைவில் இருக்கட்டும்.

அறிகுறி 1: ஆல்ஃபா பூஜ்யத்துக்குப் பக்கத்தில், அல்லது கழித்தல் குறியோடு

ஆல்ஃபா இவ்வளவு கீழே இருந்தால் அளவுகோல் மேல் சந்தேகப்படுவது கடைசி வேலை. முதலில் தரவு உள்ளீட்டைப் பாருங்கள். கவனமாக எழுதிய எட்டுக் கூற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாமல் போவது அபூர்வம். தட்டச்சில் தவறு நடப்பது தினமும்.

எந்தக் கணக்குக்கும் முன்னால் ஒவ்வொரு கூற்றுக்கும் எந்தப் பதில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று அட்டவணை எடுங்கள். கட்டளைகளை R மென்பொருளில் கொடுக்கிறேன்; d என்பது q1 முதல் q8 வரை எட்டுக் கூற்றுகளின் பதில்கள் மட்டும் உள்ள தரவு.

```r
lapply(d, table, useNA = "always")
```

அவள் கோப்பில் மூன்று இடங்களில் 99 இருந்தது. பதில் சொல்லாதவர்களுக்கு 99 போடுவது என்று தோழிகளுக்குள் பேசி வைத்திருந்தார்கள். மென்பொருளிடம் யாரும் சொல்லவில்லை. மொத்தம் 960 பதில்களில் மூன்றுதானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஒரு கூற்றின் சராசரி 3, பரவற்படி 1 என்று இருக்கட்டும். 120 பேரில் ஒரே ஒருவருக்கு 99 விழுந்தால் அந்தக் கூற்றின் பரவற்படி கிட்டத்தட்ட 78 ஆகிவிடும். மூன்று வெவ்வேறு பெண்கள், மூன்று வெவ்வேறு கூற்றுகள் என்று சிதறியிருந்ததால் S 8இலிருந்து 238க்குத் தாவியது. T-யும் ஏறக்குறைய அதே அளவு ஏறியது. S/T ஒன்றை நெருங்க, ஆல்ஃபா 0.02.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும், அது இன்னும் ஆபத்தானது. ஒரே பெண் எட்டுக்கும் பதில் சொல்லாமல் எட்டிலும் 99 விழுந்திருந்தால், எட்டுக் கூற்றும் சேர்ந்து அசைவதாக மென்பொருள் நினைத்துக்கொள்ளும். ஆல்ஃபா 0.99 பக்கம் போய் நிற்கும். அப்போது யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மகிழ்ச்சியோடு அத்தியாயத்தில் எழுதிவிடுவார்கள். அதனால் ஆல்ஃபா நன்றாக வந்தாலும் இந்த அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

99ஐ எடுத்ததும் 0.50 வந்தது.

அறிகுறி 2: 0.50 பக்கம் நிற்கிறது, ஒரு கூற்று எதிர்த்திசையில் இழுக்கிறது

இப்போது ஒவ்வொரு கூற்றும் மற்ற ஏழின் கூட்டுத்தொகையோடு எவ்வளவு ஒட்டுறவு கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். `psych` தொகுப்பில் இது `r.drop` என்ற பெயரில் வரும். SPSS-இல் `Corrected Item-Total Correlation` என்ற பத்தி.

```r
d[d == 99] <- NA
a <- psych::alpha(d)
a$total
a$item.stats
```

`psych::` என்று முன்னால் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. `ggplot2`-விலும் `alpha` என்ற செயல்கூறு இருக்கிறது. அதைப் பிறகு ஏற்றியிருந்தால் வெறும் `alpha(d)` வேறு எங்கோ போய்விடும்.

ஆறு கூற்றுகளுக்கு 0.43 போல வந்தது. q6க்கு ஏறக்குறைய பூஜ்யம். q3க்கு −0.50.

q3 இது: 'சின்னத் தவறுக்கும் என் மேல் சத்தம் போடுகிறார்கள்.' q6ஐத் தவிர மற்றவை எல்லாம் மரியாதை கிடைப்பதைச் சொல்லும்போது இது கிடைக்காததைச் சொல்கிறது. இதில் 'எப்போதும்' என்பது மரியாதைக் குறைவு. மதிப்பெண்ணைத் தலைகீழாக்க வேண்டும்: 1ஐ 5 ஆக, 2ஐ 4 ஆக. ஐந்து பதில் என்றால் 6இலிருந்து கழித்தால் போதும். q6யும் எதிர்த்திசைக் கூற்றுதான், அதையும் சேர்த்துத் திருப்பினோம்.

```r
d$q3 <- 6 - d$q3
d$q6 <- 6 - d$q6
```

ஒரு எச்சரிக்கை. இந்த வரிகளை இரண்டு தடவை ஓட்டிவிட்டால் பழையபடியே திரும்பிவிடும். மூலக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, தலைகீழாக்கியதை `q3r` என்று தனிப் பெயரில் வைப்பது நல்ல பழக்கம். அதே மாதிரி `check.keys = TRUE` என்று போட்டால் மென்பொருள் தானே எதிர்த்திசைக் கூற்றுகளைக் கண்டுபிடித்துத் திருப்பிவிடும். அதைப் பயன்படுத்தாதீர்கள். எந்தக் கூற்று எந்தத் திசை என்பது கூற்றைப் படித்துத் தீர்மானிக்க வேண்டியது. எண்ணைப் பார்த்துத் திருப்பினால், அடுத்து நான் சொல்லப்போகும் பிழை கண்ணிலேயே படாமல் போயிருக்கும்.

q3 சரியானதும் ஆல்ஃபா 0.74. மற்ற கூற்றுகளின் ஒட்டுறவும் 0.50க்கு ஏறியது. q6 மட்டும் அசையவில்லை. திருப்பினாலும் பூஜ்யம், திருப்பாவிட்டாலும் பூஜ்யம்.

அறிகுறி 3: ஒரு கூற்று மட்டும் எதோடும் ஒட்டவில்லை

பலரும் இங்கே 'Alpha if Item Deleted' பத்தியைப் பார்த்து, அந்தக் கூற்றைத் தூக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவளும் அதைத்தான் கேட்டாள். "எடுத்துட்டா 0.79 வருது அக்கா, எடுத்துடட்டுமா?" கொஞ்சம் பொறு என்றேன். பூஜ்ய ஒட்டுறவு மூன்று வழிகளில் வரலாம்: கூற்று வேறு எதையோ அளக்கிறது, எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது பாதிப் பேர் ஒரு மாதிரியும் பாதிப் பேர் தலைகீழாகவும் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

q6 இது: 'என்னை உட்கார வைத்துப் பேசுவதில்லை.'

கேட்டவர்கள் மூன்று பேர், ஆளுக்கு நாற்பது பெண்கள். கேட்டவர் வாரியாகப் பிரித்து q6இன் ஒட்டுறவைப் பார்த்தோம். மாணவி கேட்ட நாற்பதில் 0.48. ஒரு தோழிக்கு 0.05. இன்னொரு தோழிக்கு −0.50. மூன்றும் சேர்ந்து பூஜ்யமாகியிருந்தது.

அடுத்த ஞாயிறு, வேறொரு சுற்று நேர்காணலுக்கு −0.50 வந்த அந்தத் தோழி போனபோது நானும் கூடப் போனேன். ஈஜிபுராவில் ஒற்றை அறை வீடு. அந்த அம்மா முறத்தில் பீன்ஸை வைத்து நறுக்கிக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தோழி q6ஐப் படித்தாள்: "உங்களை உட்கார வெச்சுப் பேசறதில்ல. எப்போதும், பெரும்பாலும், சில நேரம், எப்போதாவது, ஒருபோதும் இல்லை. இதுல எது?" அவர் கத்தியை நிறுத்தாமல், "இல்லம்மா" என்றார். தோழி 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

அவர் சொன்ன 'இல்லம்மா'வுக்கு அர்த்தம், 'ஆமாம், உட்கார வைப்பதில்லை' என்பது. போட வேண்டிய கட்டம் 'எப்போதும்'. 'ஒருபோதும் இல்லை' என்று குறித்தால், உட்கார வைக்காமல் பேசியதே இல்லை, அதாவது எப்போதும் உட்கார வைத்துத்தான் பேசுகிறார்கள் என்றாகிவிடுகிறது. தலைகீழாக்கியதும் அந்த அம்மாவுக்கு 5 மதிப்பெண், முழு மரியாதை. உண்மையில் அவருக்கு 1.

எதிர்மறைக் கூற்றுக்குத் தமிழில் 'இல்லை' என்று பதில் வந்தால் அது ஆமோதிப்பாகவும் இருக்கலாம், மறுப்பாகவும் இருக்கலாம். குரலையும் தலையசைப்பையும் வைத்துத்தான் பிரித்தறிகிறோம். மாணவி ஒவ்வொரு முறையும் "அதாவது உட்கார சொல்ல மாட்டாங்க, அப்படித்தானே?" என்று திரும்பக் கேட்டிருக்கிறாள், மற்ற இருவரும் கேட்கவில்லை. ஆங்கில அளவுகோல்களை மொழிபெயர்க்கும்போது 'இல்லை', 'மாட்டார்கள்' என்று முடியும் கூற்றுகளில் பெரும்பாலும் சிக்கல் எழுவது இங்கேதான். q3யும் எதிர்த்திசைதான், ஆனால் 'சத்தம் போடுகிறார்கள்' என்று உடன்பாட்டு வினையில் முடிந்ததால் அதில் யாரும் தடுமாறவில்லை. எதிர்த்திசைக் கூற்று வேண்டுமென்றால் அப்படி எழுதுங்கள்.

அந்தத் தோழி வாங்கிய நாற்பது பதில்களை மட்டும் திருப்பிவிடலாமா என்று மாணவி கேட்டாள். கூடாது என்றேன். நாற்பதில் எத்தனை பேர் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. ஆல்ஃபா ஏறும் திசையைப் பார்த்துத் தரவைத் திருப்பினால், அந்த ஆல்ஃபா நாம் செய்த தீர்மானத்தைத்தான் அளக்கும். q6ஐ இந்தச் சுற்றில் விலக்கி, காரணத்தை ஆய்வேட்டில் எழுதச் சொன்னேன். ஏழு கூற்றுகளுக்கு 0.79. அடுத்த சுற்றுக்கு 'என்னை உட்கார வைத்துப் பேசுகிறார்கள்' என்று மாற்றி எழுதினாள். வேறு 150 பெண்களிடம் கேட்டபோது எட்டுக் கூற்றுகளுக்கும் சேர்த்து 0.81 வந்தது.

மேலே உள்ள எண்களைச் சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஒவ்வொரு கூற்றின் பரவற்படியும் 1, நல்ல கூற்றுகளுக்கிடையே ஒட்டுறவு 0.35 என்று வைத்துச் சூத்திரத்தில் போடுங்கள். 0.50, 0.74, 0.79, 0.81 நான்கும் வரும்.

அறிகுறி 4: தரவு சுத்தம், திசை சரி, ஆனாலும் 0.50. கூற்றுகள் மூன்றுதான்

இனிச் சொல்பவை பிழைகள் அல்ல. எண் குறைவாக இருக்கும், ஆனால் பழுது எதுவும் இருக்காது.

அவளிடம் விடுப்பு பற்றித் தனியாக மூன்று கூற்றுகள் இருந்தன: கேட்டால் விடுப்பு கிடைக்கிறதா, விடுப்புக்குச் சம்பளம் பிடிக்காமல் இருக்கிறார்களா, திரும்பி வந்ததும் முகம் கொடுத்துப் பேசுகிறார்களா. ஆல்ஃபா 0.50. சூத்திரத்தில் கூற்றுகளின் எண்ணிக்கையும் இருக்கிறது என்பதை இங்கே மறந்துவிடுகிறோம். கூற்றுகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.25 என்றால், மூன்று கூற்றுக்கு ஆல்ஃபா 0.50. அதே 0.25 ஒட்டுறவோடு பத்துக் கூற்றுகள் இருந்தால் 0.77. கூற்றுகளின் தரம் கொஞ்சமும் மாறவில்லை. முதலாவதை வழிகாட்டி நிராகரிப்பார், இரண்டாவதைப் பாராட்டுவார்.

அதனால் சின்ன அளவுகோலுக்கு `average_r` பத்தியைப் பாருங்கள். கிளார்க், வாட்சன் இருவரும் 1995இல் எழுதிய கட்டுரையில் சராசரி ஒட்டுறவு 0.15 முதல் 0.50 வரை இருக்கலாம் என்றார்கள்; அளக்கும் விஷயம் விரிவானதாக இருந்தால் கீழ்ப்பக்கம், குறுகியதாக இருந்தால் மேல்பக்கம். 0.25 இதற்குள் வசதியாக உட்காருகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 0.50 என்றால் ஒரு தனி ஆளின் மதிப்பெண்ணில் பிழை நிறைய இருக்கிறது என்பது உண்மைதான். குழுக்களின் சராசரியை ஒப்பிட இந்த மூன்று கூற்றுகள் உதவும். 'இந்த அம்மாவுக்கு விடுப்பு விஷயத்தில் அநியாயம் நடக்கிறது' என்று தனி ஆளைப் பற்றித் தீர்ப்பு எழுத உதவாது.

அப்புறம், எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்பது. முப்பது பேரிடம் நான்கு கூற்றுகள் கேட்டு 0.60 வந்தால், 95 சதவீத நம்பக இடைவெளி சுமார் 0.3 முதல் 0.8 வரை நீளும். முன்னோட்ட ஆய்வின் ஆல்ஃபாவை வைத்துக் கூற்றுகளை வெட்டுவதை நான் இதனால்தான் எதிர்க்கிறேன். அடுத்த முப்பது பேரிடம் கேட்டால் வேறொரு கூற்று மோசமாகத் தெரியும்.

அறிகுறி 5: மொத்தமாக 0.81, ஆனால் ஒரு குழுவில் மட்டும் 0.48

இரண்டாம் சுற்றில் இப்படி ஒன்று வந்தது. 150 பேரில் நாற்பது பேர் ஒரே குடியிருப்பு வளாகத்தில், ஒரே ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர்கள். அந்த நாற்பது பேருக்கு மட்டும் கணக்கிட்டால் 0.48. 'இந்தப் பெண்களுக்குக் கேள்வி புரியவில்லை' என்று அத்தியாயத்தில் எழுதிவிட்டாள். அந்த வரியை அடிக்கச் சொன்னேன்.

முழு மாதிரியில் மொத்த மதிப்பெண்ணின் பரவற்படி 27.6. ஆல்ஃபா 0.81 என்றால், அதில் ஏறக்குறைய 19 சதவீதம், அதாவது 5.2, பிழையால் வந்தது. அதன் வர்க்கமூலம் 2.3. ஒரு பெண்ணின் மதிப்பெண் அவருடைய உண்மையான நிலையிலிருந்து வழக்கமாக இவ்வளவு விலகலாம்.

வளாகத்துப் பெண்களிடையே பரவற்படி 10 மட்டுமே. அங்கே எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே லிஃப்ட், ஒரே மேற்பார்வையாளர், ஒரே விதி. மரியாதை அனுபவத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் குறைவு. 10இல் பிழை 52 சதவீதம், அதுவும் 5.2தான், வர்க்கமூலம் அதே 2.3. கேள்விகள் இரண்டு இடத்திலும் ஒரே அளவு துல்லியமாகத்தான் வேலை செய்கின்றன. பிரித்துக் காட்ட வேண்டிய வித்தியாசம் சுருங்கியதால் ஆல்ஃபா விழுந்தது. பத்து கிராம் தவறு காட்டும் தராசில் மார்க்கெட் முழுக்க இருக்கும் காய்களை நிறுத்தால் வரிசை சரியாக வரும். ஒரே அளவு எலுமிச்சம்பழங்களை நிறுத்தால் வரிசை குழம்பும். தராசு அதேதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? குழுவின் திட்டவிலக்கத்தை, அதாவது SD-ஐப் பாருங்கள், பிறகு அளவீட்டுப் பிழையை, அதாவது SEM-ஐ இப்படிப் போடுங்கள்:

```
SEM = SD * sqrt(1 - alpha)
```

முழு மாதிரி: 5.25 × √0.19, அதாவது சுமார் 2.3. வளாகம்: 3.16 × √0.52, அதுவும் சுமார் 2.3. இரண்டும் ஒன்றானால் அளவுகோலில் குறையில்லை. குழுவில் இந்த எண் கணிசமாகக் கூடியிருந்தால்தான் கேள்வி புரியவில்லையோ என்று தேடத் தொடங்க வேண்டும்.

அறிகுறி 6: பட்டியலுக்கு ஆல்ஃபா போட்டு 0.31 வந்திருக்கிறது

வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில் பத்து ஆம்/இல்லை கேள்விகள். கடந்த ஆறு மாதத்தில் சம்பளம் தாமதமானதா, வழுக்கி விழுந்தீர்களா, வளர்ப்பு நாய் கடித்ததா, திருட்டுப் பழி வந்ததா, சொல்லாமல் வேலையை விட்டு நிறுத்தினார்களா... எல்லா 'ஆம்'களையும் கூட்டினால் 'இடர் எண்ணிக்கை'. இதற்கு ஆல்ஃபா 0.31 என்று அவள் கவலைப்பட்டாள்.

இங்கே ஆல்ஃபா கேட்பதே தவறு. மரியாதைக் கூற்றுகளுக்குப் பின்னால் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறோம். அது உயர்ந்தால் எட்டும் உயர வேண்டும். இடர் அப்படி அல்ல. நாய் கடித்ததும் சம்பளம் தாமதமானதும் ஒரு பொதுக் காரணத்தின் வெளிப்பாடுகள் இல்லை. அவை ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் இடர் என்ற மொத்தம் உண்டாகிறது. நாய்க்கடி உள்ளவருக்குச் சம்பளத் தாமதமும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க ஒரு காரணமும் கிடையாது.

எந்த வகை என்று தெரியாவிட்டால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒரு கூற்றை எடுத்துவிட்டால், அளக்கும் பொருளே குறைந்துபோகிறதா? மரியாதையில் ஒரு கூற்றை எடுத்தாலும் மீதி ஏழு அதையே சொல்லும். இடர்ப் பட்டியலில் திருட்டுப் பழியை எடுத்தால் அந்த அனுபவமே கணக்கிலிருந்து போய்விடுகிறது. இரண்டாவது வகையில் ஆல்ஃபாவை ஏற்றக் கூற்றுகளை வெட்டினால், ஒட்டாமல் தனித்து நிற்கும் இடர்களெல்லாம் முதலில் போகும். பெரும்பாலும் அவைதான் அபூர்வமானவை, மோசமானவை.

இந்தப் பட்டியலுக்கு நம்பகத்தன்மை காட்ட வேறு வழி உண்டு. இரண்டு வாரம் கழித்து அதே ஆறு மாத காலத்தைப் பற்றி முப்பது, நாற்பது பேரிடம் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எத்தனை பேருக்கு மாறாமல் இருக்கிறது என்று பாருங்கள். பட்டியலில் விட்டுப்போனது எது என்பதை அந்தப் பெண்களிடமே கேளுங்கள். இவளுடைய பட்டியலில் 'கழிப்பறையைப் பயன்படுத்த விடவில்லை' என்பது இல்லை. ஸ்ரீராமபுரத்தில் ஒரு அக்கா சொன்ன பிறகுதான் சேர்த்தாள்.

உயர்ந்த எண்ணைப் பற்றி இரண்டு வரி

0.95க்கு மேல் போனால் ஒரே கேள்வியைச் சொல் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இன்னொன்று, எட்டுக் கூற்றுகளில் நான்கு ஒரு கொத்து, நான்கு இன்னொரு கொத்து. கொத்துக்குள் ஒட்டுறவு 0.60, கொத்துகளுக்கிடையே வெறும் 0.10 என்றாலும் ஆல்ஃபா 0.79 வரும். ஏறக்குறைய நம் நல்ல அளவுகோலின் எண். ஒட்டுறவு அணியைக் கண்ணால் பார்த்தால்தான் இரண்டு கொத்து தெரியும். காரணி ஆய்வும் செய்ய வேண்டும். கூற்றுகள் எல்லாம் ஒரே பலத்தோடு பொது விஷயத்தில் தொங்கவில்லை என்றால் ஆல்ஃபாவோடு `psych::omega` தரும் ஒமேகா என்ற இன்னொரு நம்பகத்தன்மை எண்ணையும் போடுவது நல்லது.

ஆய்வேட்டில் எப்படி எழுதுவது

அவள் கடைசியில் எழுதியது இது, குழுவும் ஏற்றுக்கொண்டது: 'மரியாதை உணர்வு அளவுகோல் (8 கூற்றுகள், 150 பேர்): ஆல்ஃபா 0.81, கூற்றுகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.35, மொத்த மதிப்பெண்ணின் திட்டவிலக்கம் 5.25, அளவீட்டுப் பிழை 2.3. ஒரே வளாகத்தைச் சேர்ந்த 40 பேரில் ஆல்ஃபா 0.48, திட்டவிலக்கம் 3.16, அளவீட்டுப் பிழை 2.3. முதல் சுற்றில் q6 விலக்கப்பட்டது. எதிர்மறை வினைக்கு வந்த "இல்லை" என்ற பதிலைக் கேட்டவர்கள் வெவ்வேறாகக் குறித்திருந்தனர். இடர்ப் பட்டியலுக்கு ஆல்ஃபா கணக்கிடப்படவில்லை.'